முதல் நாள் நீச்சல் வகுப்பு: பிள்ளைகளிடம் பயத்தையும் ஆசையையும் எப்படிக் கேட்பது?

குளக்கரை

வணக்கம். அடுத்த வாரம் ஒரு புது நீச்சல் வகுப்பு தொடங்குகிறது, பொறுப்பு என்னுடையது. இதுவரை ஓரளவு நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்குத்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இந்த முறை 12 பேர், ஏழிலிருந்து ஒன்பது வயது, ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. சின்னக் குளம், தண்ணீர் 90 செ.மீ., ஒரு பக்கம் அகலமான படிகள். இன்னொரு பயிற்சியாளர் என்னோடு தண்ணீரில் இருப்பார். கரையில் உயிர்காப்பாளர் தனியாக உண்டு.

முதல் நாள் ஒரு மணி நேரத்தில் கால் மணி நேரத்தை அறிமுகத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். பிள்ளைகளையும் பெற்றோரையும் வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயர், தண்ணீரில் என்ன பயம், வகுப்பு முடியும்போது என்ன செய்ய ஆசை, மூன்றையும் சொல்ல வேண்டும் என்பது யோசனை. பயத்தை முதலிலேயே வெளியே கொண்டுவந்துவிட்டால் நல்லது என்று நினைக்கிறேன்.

இப்படிச் செய்தவர்கள் யாராவது உண்டா? பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்களா? பெற்றோர் பக்கத்தில் இருக்கலாமா?

பந்துக்காரன்

நான் கூடைப்பந்து சொல்லித்தருகிறேன். என் கருத்து: "பயம்" என்ற வார்த்தையையே எடுக்காதீர்கள். ஒரு பிள்ளை "எனக்கு மூழ்கிடுவேனோன்னு பயம்" என்று சொன்னால், அதுவரை அதை நினைக்காத பக்கத்துப் பிள்ளைக்கும் அது ஒட்டிக்கொள்ளும். பெயர் கேளுங்கள், சிரியுங்கள், உடனே விளையாட்டுக்குள் இறக்கிவிடுங்கள். பத்து நிமிடத்தில் பயம் தானே போய்விடும். பேச்சு குறைய குறைய நல்லது.

பழையமீன்

என்னை என் மாமா தூக்கி ஆழத்தில் போட்டார். அன்றே நீச்சல் வந்தது. இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? ஒரு தள்ளு, அப்புறம் பயம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

அலைசெல்வி

குளக்கரை சார், நல்ல கேள்வி. தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு மட்டுமே பல வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வட்டம் வேண்டாம். பந்துக்காரன் சார் சொன்னதில் பாதி சரி, கூட்டத்தில் பயம் ஒட்டும். ஆனால் எல்லோர் முன்னாலும் கேட்டால் இன்னொன்றும் நடக்கும். முதலில் பேசுகிற பிள்ளை "எனக்கு ஒண்ணும் பயமில்லை" என்று சொன்னால், பின்னால் வருகிற பிள்ளைகளும் அதையே சொல்வார்கள். அம்மா அப்பா பக்கத்தில் இருந்தால் கட்டாயம் அதையேதான் சொல்வார்கள். கேட்டாயிற்று என்று நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், கையில் ஒரு தகவலும் இருக்காது.

அதற்காகக் கேட்காமலும் இருக்கக் கூடாது. "தண்ணீர் பயம்" என்று பொதுவாகச் சொல்கிறோம், ஆனால் அப்படி ஒரே பயமாக இருந்து நான் அனேகமாகப் பார்த்ததில்லை. ஒரு பிள்ளைக்கு மூக்கில் தண்ணீர் ஏறும் என்ற பயம். இன்னொன்றுக்குக் கால் தரையை விடும் என்ற பயம். மூன்றாவதுக்கு நீங்கள் கையை விட்டுவிடுவீர்களோ என்ற சந்தேகம். நான்காவதுக்குத் தண்ணீரோடு சம்பந்தமே இல்லை, நீச்சல் உடையில் எல்லோர் முன்னாலும் நிற்பதுதான் பிரச்சினை. நான்கு பேருக்கும் முதல் அடி வேறு வேறு. கால் பயம் உள்ள பிள்ளையிடம் போய்க் குமிழி விடச் சொல்லி அரை மணி நேரம் கழித்தால், குமிழி நன்றாக விடும், பயம் அப்படியே இருக்கும்.

நான் செய்வது இது. வாசலில் நிற்பேன். முதலில் பிள்ளைக்கு வணக்கம், அப்புறம்தான் பெற்றோருக்கு. குந்தி உட்கார்ந்து கண்ணுக்கு நேராக, என் பெயரைச் சொல்லி அதன் பெயரைக் கேட்பேன். அம்மா பதில் சொன்னாலும் பார்வையைப் பிள்ளையிடமிருந்து எடுக்க மாட்டேன். முதல் நிமிடத்தில் வேறு எதுவும் கேட்பதில்லை.

பெற்றோர் கையில் ஒரு தாள். அதில் மூன்றே கேள்வி: உடல்நிலையில் எனக்குத் தெரிய வேண்டியது என்ன, தண்ணீரில் முன்பு ஏதாவது நடந்திருக்கிறதா, இந்த வகுப்பைப் பற்றி வீட்டில் பிள்ளை என்ன சொன்னது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் பல நேரம் பொன். அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது உங்களில் ஒருவர் பிள்ளைகளைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போய்க் காலை நனைக்க வைக்கலாம். பெற்றோர் பார்வைக்குள் இருக்க வேண்டும், காதுக்கு எட்டக் கூடாது. தனி அறைக்கு ஒருபோதும் அழைத்துப் போகாதீர்கள்.

காலை ஆட்டிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொன்றாகக் கேட்பேன். "பயமா இருக்கா?" என்றால் "இல்ல" என்றுதான் வரும். அதனால் "தண்ணி எது வரைக்கும் வந்தா உனக்குச் சரி? கையால காட்டு" என்பேன். முழங்கால், இடுப்பு, கழுத்து என்று காட்டும். இதற்குப் பேச வேண்டியதில்லை, வெட்கப்படுகிற பிள்ளையும் காட்டிவிடும். அடுத்தது, "இன்னைக்கு நான் என்ன செய்யக் கூடாது?" என் அனுபவத்தில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. "தள்ளக் கூடாது", "தலையை அமுக்கக் கூடாது", "கையை விடக் கூடாது", "எல்லாரும் பாக்கும்போது என்னை மட்டும் கூப்பிடக் கூடாது". பயம் என்ற சொல் வராமலேயே பயம் முழுவதும் வந்துவிடும்.

ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை சொன்ன பதிலால் அன்றைய வகுப்பிலேயே ஏதாவது மாற வேண்டும், அதுவும் பிள்ளைக்குத் தெரியும்படி. "கையை விடக் கூடாதுன்னு சொன்னேல்ல, இதோ பிடிச்சிருக்கேன், நீயா விட்டாத்தான் விடுவேன்" என்று சொல்லி, அப்படியே நடந்துகொள்ள வேண்டும். கேட்டுவிட்டு எல்லோருக்கும் ஒரே பாடத்தை நடத்தினால், கேட்காமலே இருந்திருக்கலாம். அடுத்த முறை அது உங்களிடம் எதையும் சொல்லாது.

பழையமீன் அண்ணா, உங்களுக்கு நீச்சல் வந்தது சந்தோஷம். ஆனால் அப்படித் தள்ளப்பட்டு, அப்புறம் எட்டிக்கூடப் பார்க்காமல் போனவர்கள் இங்கே எழுத வர மாட்டார்கள். எதிர்பாராமல் விழுகிற பிள்ளை தண்ணீருக்குள் மூச்சை இழுக்கும், இருமும். அதற்கப்புறம் தலையைத் தண்ணீருக்கு மேலேயே தூக்கி வைத்துக்கொள்ளும். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் இறங்கும், உடம்பு செங்குத்தாகிவிடும். அந்தப் பிள்ளையை நேராகப் படுக்க வைக்க மாதக்கணக்கில் பாடுபட வேண்டியிருக்கும். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் "ஸ்டைல் சரியில்லை" என்பார்கள். அங்கே கோணலாகத் தெரிவது பயம்தான்.

மதுவின்அம்மா

நான் பயிற்சியாளர் இல்லை, ஒரு அம்மா. என் மகன் ஜிம்னாஸ்டிக்ஸ் சேர்ந்தான், எட்டு வயது. முதல் நாள் கோச் வரிசையாக நிற்க வைத்து "உன் லட்சியம் என்ன?" என்று கேட்டார். இவன் "ஒலிம்பிக்ஸ்ல தங்கம்" என்றான். மற்ற பெற்றோர் சிரித்தார்கள். கேலியாகச் சிரிக்கவில்லை, ஆசையாகத்தான் சிரித்தார்கள். ஆனால் அவன் காது சிவந்துவிட்டது. இப்போது வகுப்புக்குப் போக மாட்டேன் என்கிறான். கட்டாயப்படுத்தலாமா, இல்லை நீச்சலுக்கு மாற்றிவிடலாமா? எட்டு வயதில் நீச்சல் தொடங்கினால் தாமதமா?

குளக்கரை

எட்டு வயது தாமதமே இல்லை அம்மா, என் வகுப்பிலேயே ஒன்பது வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மாற்றுவதற்கு முன்னால் அந்தக் கோச்சிடம் தனியாக ஒரு முறை பேசிப் பாருங்கள். மகன் காது சிவந்ததை அவர் கவனித்திருக்கவே மாட்டார்.

உங்கள் அனுபவத்துக்கு நன்றி. பயத்தை மட்டும் தனியாகக் கேட்டுவிட்டு ஆசையை எல்லோர் முன்னாலும் கேட்கலாம் என்று இருந்தேன். அதுவும் வேண்டாம் போலிருக்கிறது.

அலைசெல்வி மேடம், அந்த "என்ன செய்யக் கூடாது" கேள்வியை எழுதி வைத்துக்கொண்டேன். ஆசையை எப்படிக் கேட்பீர்கள்?

அலைசெல்வி

"லட்சியம்", "இலக்கு" எல்லாம் பெரியவர்கள் சொல். அதைச் சொன்னால் பெரியவர்களுக்குப் பிடித்த பதில் வரும். "தண்ணிக்குள்ள யாராவது செய்யறதைப் பார்த்து, நானும் செய்யணும்னு நினைச்சிருக்கியா?" என்று கேளுங்கள். "மேலயிருந்து குதிக்கணும்", "அடியில உட்காரணும்", "தங்கச்சிக்கு முன்னாடி கத்துக்கணும்" என்று வரும். இவற்றில் ஒவ்வொன்றுக்கும் உங்களால் வழி போட முடியும். "நல்லா நீந்தணும்" என்று வந்தால், "நல்லா நீந்தறவங்க என்ன செய்வாங்க?" என்று ஒரு படி கீழே இறக்குங்கள்.

பெற்றோரின் ஆசையைத் தாளில் தனியாக எழுதச் சொல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது உங்களுக்கே நிறைய புரியும்.

பந்துக்காரன்

மேடம், மரியாதையோடு கேட்கிறேன். 12 பிள்ளைகள், ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேச நேரம் எங்கே? விளையாட்டு கற்றுக்கொடுக்கத்தானே வந்திருக்கிறோம்? இப்படி மென்மையாக நடத்தினால் போட்டி என்று வரும்போது பிள்ளைகள் நிற்பார்களா?

கயல்விழியாள்

விளையாட்டு உளவியல் படிக்கிறேன். இந்தக் கேள்விக்கு ஓரளவு பொருந்தும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் சிறுவர் பேஸ்பால் அணிகளில் செய்தது, 1992-ல் வெளியானது. பருவம் தொடங்கும் முன் கோச்சுகளில் ஒரு பகுதியினருக்குச் சில மணி நேரப் பயிற்சி கொடுத்தார்கள். முயற்சியைக் கவனித்துப் பாராட்டுவது, தவறு செய்த பிள்ளையை எப்படி ஊக்கப்படுத்துவது போன்ற விஷயங்கள்தான். அந்தக் கோச்சுகளின் அணிகளில் அடுத்த பருவம் திரும்பி வராதவர்கள் 5 சதவீதம், மற்ற அணிகளில் 26 சதவீதம். இரண்டு வகை அணிகளுக்கும் வெற்றி தோல்வியில் வித்தியாசம் இல்லை.

அதாவது மென்மையாக நடத்தியதால் தோற்கவும் இல்லை, அதனால் கூடுதலாக ஜெயிக்கவும் இல்லை. பிள்ளைகள் தங்கினார்கள், அவ்வளவுதான். முதல் நாள் கேள்விகளைப் பற்றித் தனியாக அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பந்துக்காரன்

தங்குவது பெரிய விஷயம்தான், ஒத்துக்கொள்கிறேன். என்னிடமும் பருவம் மாறும்போது நிறைய பேர் நின்றுவிடுகிறார்கள். நேரக் கணக்குக்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

அலைசெல்வி

இரண்டு கேள்விக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது சார். இரண்டு பேர் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு ஆறு பிள்ளைகள். நீச்சலில் எங்களுக்கு ஒரு வசதி, பிள்ளைகளைப் படியில் உட்கார வைத்துக் காலால் தண்ணீர் அடிக்கச் சொன்னால் எல்லோரும் வேலையில் இருப்பார்கள், சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. கூடைப்பந்தில் இரண்டிரண்டு பேராகப் பந்தைக் கடத்த விட்டுவிட்டு நீங்கள் சுற்றி வரலாமே?

வெள்ளைக்கோட்டு

பள்ளியில் செவிலியாக இருக்கிறேன். அந்தத் தாளில் உள்ள முதல் கேள்வியை "உடல்நிலை" என்று பொதுவாக விடாதீர்கள், பெற்றோர் "நன்று" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். வலிப்பு, ஆஸ்துமா, காதில் குழாய் வைத்திருப்பது அல்லது செவிப்பறையில் ஓட்டை, கண்ணாடி இல்லாமல் எவ்வளவு தெரியும், இவற்றைப் பெயர் சொல்லியே கேளுங்கள். வலிப்பு உள்ள பிள்ளை தண்ணீரில் இறங்குவதற்கு முன் மருத்துவர் என்ன சொன்னார் என்று தெரிந்திருக்க வேண்டும், அதன்மீது மட்டும் ஒருவர் கண் வைத்திருக்க வேண்டும். இன்ஹேலர் பையில் இருந்தால் போதாது, குளத்துக் கரையில் இருக்க வேண்டும்.

"பயந்த பிள்ளை" என்று நாம் நினைப்பது சில நேரம் கண் சரியாகத் தெரியாத பிள்ளையாக இருக்கும். கண்ணாடியைக் கழற்றியதும் உங்கள் முகமே அதற்கு மங்கல். நீங்கள் செய்து காட்டுவதைப் பார்க்காமல் மற்ற பிள்ளைகள் செய்த பிறகே செய்யும். அருகில் போய்க் காட்டினால் உடனே செய்துவிடும்.

குளக்கரை

முதல் வகுப்பு முடிந்தது. சொன்னபடியே வட்டத்தை விட்டுவிட்டுப் படிக்கட்டில் உட்கார வைத்துக் கேட்டோம். பெரும்பாலும் நன்றாகப் போனது. ஒரு பையனைப் பற்றி விரிவாகக் கேட்க வேண்டும்.

எட்டு வயது, வகுப்பிலேயே குள்ளம். அப்பா வாசலிலேயே, "இவனுக்குப் பயமெல்லாம் கிடையாது சார். ஆறு மாசத்துல போட்டிக்குப் போகணும்" என்றார். பையன் தலையாட்டினான். தாளிலும் அதையே எழுதியிருந்தார். "வீட்டில் என்ன சொன்னான்" என்ற இடம் காலி.

படிக்கட்டில், தண்ணீர் எது வரைக்கும் வந்தால் சரி என்று கேட்டேன். இடுப்பில் கை வைத்தான். நான் என்ன செய்யக் கூடாது என்றதும் ரொம்ப நேரம் காலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "படியிலயிருந்து இறக்கக் கூடாது" என்றான். என்ன செய்ய ஆசை என்று கேட்டபோதுதான் முகம் மாறியது. அவன் அக்கா குளத்தின் அடியில் போடுகிற ரப்பர் வளையத்தை முங்கி எடுப்பாளாம், அது போல எடுக்க வேண்டுமாம்.

அதனால் மற்றவர்கள் கீழே இறங்கியபோது அவனை மேல்படியிலேயே வைத்துக்கொண்டு, கணுக்கால் ஆழத்தில் வளையத்தைப் போட்டேன். எடுத்தான். அடுத்த படியில் போட்டேன், எடுத்தான். மூன்றாவது படியில் போட்டபோது முகம் தண்ணீரைத் தொட்டது. எடுத்துவிட்டான், ஆனால் நிமிர்ந்தவுடன் இரண்டு கையாலும் முகத்தை வழித்து வழித்துத் துடைத்தான். அப்போது மேலே இருக்கையிலிருந்து அப்பா, "தலையை உள்ள விடுடா!" என்று கத்தினார். அதோடு சரி, வளையத்தைக் கீழே வைத்துவிட்டான். மீதி நேரம் படியில் உட்கார்ந்து காலால் அடித்துக்கொண்டிருந்தான்.

போகும்போது மெதுவாக என்னிடம், "இறங்க மாட்டேன்னு சொன்னதை அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்றான்.

இரண்டு கேள்வி. அடுத்த வகுப்பில் அவனிடம் எங்கிருந்து தொடங்குவது? அப்பாவிடம் என்ன சொல்வது?

அலைசெல்வி

வளையத்தைப் படிப்படியாக இறக்கியது அருமை. அவன் ஆசையையே பாடமாக்கிவிட்டீர்கள்.

அவன் உயரம் எவ்வளவு? 120 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் உங்கள் 90 செ.மீ. தண்ணீர் அவனுக்கு அக்குள் வரை வரும். அவ்வளவு தண்ணீரில் உடம்பு பாதி மிதக்க ஆரம்பித்துவிடும், பாதம் தரையில் அழுந்தாது, நடந்தால் வழுக்குவது போல இருக்கும். அதே தண்ணீர் 135 செ.மீ. உயரப் பிள்ளைக்கு அதைவிட நன்றாகக் கீழேயே நிற்கும், அவனுக்கு நிற்பது சுலபம். எல்லோருக்கும் ஒரே குளம்தான், இவனுக்கு மட்டும் அது ஆழமான குளம். இடுப்பு வரைதான் சரி என்று கையால் காட்டினானே, அந்த உயரத்தில்தான் அவனால் உறுதியாக நிற்க முடியும். அவன் சொன்னது பயமாகத் தெரியலாம், ஆனால் அது சரியான கணிப்பும்கூட.

ஆகவே அவனுக்கு முதல் பாடம் நீந்துவது இல்லை, எழுந்து நிற்பது. இதை நிறைய பேர் கடைசியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மிதக்கப் பயப்படுகிற பிள்ளைகளில் பலருக்கு மிதப்பது பயமில்லை, மிதந்த பிறகு எப்படி நிற்பது என்று தெரியாததுதான் பயம். குப்புற மிதக்கும்போது தலையை முதலில் தூக்கினால், கால் இறங்கினாலும் உடம்புக்குப் பின்னாலேயே இருக்கும், தரை சட்டென்று கிடைக்காது, பதறிவிடுவான். முதலில் முழங்காலை வயிற்றுக்கு இழுக்க வேண்டும், இரண்டு கையையும் தண்ணீரில் கீழ்நோக்கி அழுத்த வேண்டும், கால் அடியில் வந்ததும் கடைசியில் தலை. அகலமான படி இருக்கிறதே, இரண்டாவது படியில் கையை ஊன்றிக்கொண்டு காலைப் பின்னால் நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து முழங்காலை இழுத்து எழுந்திருக்கட்டும். கை ஊன்றியே இருப்பதால் விழ மாட்டான். இது வந்த பிறகு உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கு வெளியே செய்யலாம். அதுவரை "இறக்கக் கூடாது" என்ற வாக்கு அப்படியே இருக்கட்டும். அவன் கேட்டால் மட்டும் இறங்கலாம்.

முகத்தைத் துடைக்கிறானே, அதற்கும் ஒரு வார்த்தை. துடைக்காதே என்று சொல்லாதீர்கள். தண்ணீர் வழிவது அவனுக்குப் பழகவில்லை. துடைப்பதற்கு முன் கண்ணைத் திறந்து உங்கள் கையில் எத்தனை விரல் என்று சொல்லச் சொல்லுங்கள். நாளாக ஆக அந்த இடைவெளி நீளும். முங்கும்போது மூக்கால் "ம்ம்ம்" என்று முனகச் சொல்லுங்கள். முனகினால் காற்று மூக்கு வழியாக வெளியே போகும், தண்ணீர் உள்ளே வராது. "மூச்சை விடு" என்றால் இந்த வயதுப் பிள்ளைகள் தண்ணீருக்குள் போகும் முன்பே விட்டுவிடுவார்கள், முனகச் சொன்னால் உள்ளேயும் முனகுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. வளையம் எடுக்கிற ஆர்வத்தில் முன்கூட்டியே வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டு ரொம்ப நேரம் உள்ளே இருக்கும் போட்டி பிள்ளைகளுக்குள் வந்துவிடும். அதை முதல் நாளிலிருந்தே தடுத்துவிடுங்கள், நீருக்குள்ளேயே நினைவு தப்பும் அபாயம் உண்டு. ஒரு மூச்சு, ஒரு வளையம், மேலே வந்துவிட வேண்டும்.

பழையமீன்

செல்வி, எழுந்து நிற்கிற விஷயத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இன்றைக்கும் குளத்தின் நடுவில் நின்றுவிட எனக்குப் பிடிக்காது, கரையைத் தொட்ட பிறகுதான் நிற்பேன். அது ஏன் என்று இதைப் படித்த பிறகு யோசிக்கிறேன். ஆனாலும் தள்ளிவிட்டதால்தான் நீச்சல் வந்தது என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மதுவின்அம்மா

அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். நானும் இருக்கையிலிருந்து கத்தியிருக்கிறேன். கோபத்தில் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் இறங்கிவிட்ட பிறகு நம் பிள்ளை மட்டும் படியில் உட்கார்ந்திருந்தால், ஏதாவது செய்தாக வேண்டும் போல இருக்கும். செய்ய வேறு எதுவும் இல்லை, வாய்தான் இருக்கிறது.

ஆனால் பிள்ளை சொன்னதை என்னிடம் மறைத்தால் எனக்குக் கோபம் வரும். என் பிள்ளை பயப்படுகிறான் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

அலைசெல்வி

தெரிய வேண்டும் அம்மா. ஆனால் யார் வாயால், எந்த வடிவில் என்பதுதான் கேள்வி.

நான் அப்பாவிடம் "உங்க பையன் பயப்படுறான்" என்று சொல்ல மாட்டேன். "இன்னைக்கு மூணாவது படியில இருந்து வளையம் எடுத்தான், முகம் நனைஞ்சது. இந்தத் தண்ணீர் அவன் உயரத்துக்கு அக்குள் வரை வரும், அதனால முதல்ல எழுந்து நிற்கக் கத்துக்கொடுக்கப் போறேன்" என்பேன். எல்லாம் நான் கண்ணால் பார்த்தது, பையன் சொன்னது எதுவும் அதில் இல்லை. அப்புறம் அப்பாவுக்கு ஒரு வேலை கொடுப்பேன். ஒவ்வொரு வகுப்பிலும் எத்தனை வளையம் எடுத்தான், எந்தப் படியிலிருந்து என்று எழுதி வைக்கச் சொல்வேன். எழுதுகிறவர் கத்துவது குறைந்துவிடும், கொஞ்ச நாளில் அவருக்கே முன்னேற்றம் தெரியும். "ஆறு மாதத்தில் போட்டி" என்பதை நான் மறுக்கவும் மாட்டேன், ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். குப்புற மிதந்து தானாக எழுந்து நின்ற பிறகு அதைப் பற்றிப் பேசுவோம் என்று சொல்வேன்.

வெள்ளைக்கோட்டு

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று பையனிடம் நீங்கள் வாக்குக் கொடுத்தீர்களா? கொடுக்காதீர்கள். இன்று அவன் சொன்னது படியில் இறங்காததைப் பற்றி. நாளைக்கு இன்னொரு பிள்ளை, தன்னை யாரோ அடிக்கிறார்கள் என்றோ தப்பாகத் தொடுகிறார்கள் என்றோ அதே குரலில் சொல்லலாம். அப்போது நீங்கள் உங்கள் இடத்தில் பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் சொல்லியே ஆக வேண்டும். "நீ பத்திரமா இருக்கறதுக்கு யார்கிட்டயாவது சொல்ல வேண்டியிருந்தா சொல்வேன், மத்ததை நமக்குள்ள வச்சுக்கலாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

குளக்கரை

வாக்கு எதுவும் கொடுக்கவில்லை மேடம். "அப்பாகிட்ட வளையம் எடுத்ததைச் சொல்லலாமா?" என்று திருப்பிக் கேட்டேன், தலையாட்டினான். நீங்கள் சொன்ன வாக்கியத்தை அடுத்த வகுப்பில் எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லிவிடுகிறேன்.

செல்வி மேடம், உயரத்தை அளந்தேன், 118. நீங்கள் சொன்னது சரிதான்.

மதுவின்அம்மா

எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. வளையம் எடுத்ததை மட்டும் சொன்னால் அப்பாவுக்குப் பாதிதான் தெரியும். "அப்பாகிட்ட சொல்லாதீங்க" என்று ஒரு பிள்ளை சொல்கிறது என்றால், வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்று அந்த அப்பா யோசிக்க வேண்டாமா? அதை யாராவது அவருக்குச் சொன்னால்தானே?

பந்துக்காரன்

இதில் நான் அம்மா பக்கம். ஆனால் முதல் வாரத்திலேயே கோச் போய் அதைச் சொன்னால் பையனை அடுத்த வகுப்புக்கு அனுப்ப மாட்டார், வேறு கோச்சைத் தேடிப் போய்விடுவார். பழகிய பிறகு சொல்லலாம்.

கயல்விழியாள்

பழகும் வரை பையன் வீட்டில் தனியாக அதைச் சமாளிக்க வேண்டியிருக்குமே. பையனையே சொல்ல வைக்க வழி இருக்கிறதா? உதாரணமாக, எல்லாப் பெற்றோரையும் ஒரு நாள் கடைசிப் பத்து நிமிடம் படிக்கட்டுக்கு அழைத்து, "தண்ணீர் எது வரைக்கும் வந்தால் சரி" என்பதைப் பிள்ளைகள் கையால் காட்டட்டும். ஒருவரைத் தனியாகக் குறிவைத்தது போல இருக்காது.

அலைசெல்வி

எல்லோரும் பார்க்கக் காட்டச் சொன்னால் திரும்ப அந்த வட்டத்துக்கே போய்விடுவோமோ என்று எனக்குத் தயக்கம். எல்லாப் பிள்ளைகளும் கழுத்தைக் காட்டுவார்கள். ஆனால் ஒவ்வொரு பெற்றோரும் தன் பிள்ளையோடு மட்டும் ஒரு படியில் நிற்கிற மாதிரி செய்தால் நடக்கலாம். நான் செய்து பார்த்ததில்லை.

குளக்கரை

நான்கைந்து வகுப்புக்கு அப்புறம் முயன்று பார்க்கலாம் என்றிருக்கிறேன். இரண்டாம் வகுப்புக்கு வளையங்களோடு, அப்பாவுக்கு ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துவிட்டேன். அவர் வாங்கிக்கொள்வாரா என்று தெரியவில்லை. எழுந்து நிற்கும் பாடத்தை அவனுக்கு மட்டும் இல்லாமல் 12 பேருக்கும் படியிலேயே தொடங்கப் போகிறேன், அவன் மட்டும் தனியாகத் தெரிய மாட்டான். யாராவது இதைக் குழுவாகச் செய்திருந்தால், ஒரே படியில் ஒரு நேரத்தில் எத்தனை பேரை விடலாம் என்று சொல்லுங்கள்.

அலைசெல்வி

கால் நீட்டினால் பக்கத்துப் பிள்ளையை உதைக்காத இடைவெளி வேண்டும், அதனால் ஆளுக்கு ஒரு கை விரிக்கிற அகலம். ஒரு நேரத்தில் நான்கு பேருக்கு மேல் வேண்டாம், மற்ற எட்டுப் பேர் இன்னொரு பயிற்சியாளரோடு கரையைப் பிடித்துக்கொண்டு காலால் தண்ணீர் அடிக்கட்டும். அவனைப் படியின் ஓரத்தில், சுவர்ப்பக்கம் வையுங்கள், பிடித்துக்கொள்ள இன்னொரு இடம் இருக்கும்.